கோப்பியும் கணையமும்: ஓர் ஆய்வுக் கட்டுரையை எப்படி எடை போடுவது

தாதியர் பயிற்சி, மருந்தியல், பொதுச் சுகாதாரம் என்று எதைப் படித்தாலும், ஒரு கட்டத்தில் அந்த அசைன்மென்ட் வந்தே தீரும்: வெளியான ஆய்வு ஒன்றை எடுத்து விமர்சனம் எழுது. பினாங்கில் எனக்குத் தெரிந்த பிள்ளைகள் சிலர் எழுதியதைச் சமர்ப்பிக்கும் முன் என்னிடம் காட்டுவார்கள். பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். ஆய்வு என்ன சொல்கிறது என்பது முக்கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்ளும். கடைசியில் அவசரமாக மூன்று வரி வரும்: மாதிரி அளவு சிறியது, ஒரே நாட்டில் செய்தது, மேலும் ஆய்வுகள் தேவை. அந்த மூன்று வரியை வெட்டி வேறெந்த ஆய்வின் கீழ் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். அப்படிப் பொருந்துவதாலேயே அதற்கு மதிப்பெண் விழுவதில்லை.

அவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு கேள்விதான். நீ சொல்லும் குறை, ஆய்வின் விடையை எந்தப் பக்கம் தள்ளியது? கூட்டியதா, குறைத்ததா, இல்லை அசைக்கவே இல்லையா? இதற்குப் பதில் இருந்தால் அது விமர்சனம். இல்லாவிட்டால் வெறும் குறை.

இதை ஓர் உண்மையான ஆய்வில் செய்து பார்ப்போம். கோப்பிக் கடை இல்லாத தெரு ஜார்ஜ்டவுனில் குறைவு என்பதால் கோப்பி பற்றிய ஒன்றையே எடுக்கிறேன்.

1981 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் பிரையன் மக்மேஹனும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணையப் புற்றுநோய் வந்த 369 பேரையும், அந்த நோய் இல்லாத 644 மருத்துவமனை நோயாளிகளையும் விசாரித்தார்கள். சிகரெட், சுருட்டு, பைப், மது, தேநீர், கோப்பி ஆகியவற்றின் பழக்கம் பற்றிக் கேட்டார்கள். சிகரெட்டுக்கு லேசான தொடர்பு தெரிந்தது. சுருட்டு, பைப், மது, தேநீர் எதற்கும் தொடர்பு இல்லை. கோப்பிக்குத்தான் பலமான தொடர்பு கிடைத்தது. சிகரெட் பழக்கத்தின் தாக்கத்தைக் கணக்கில் கழித்த பிறகும், ஒரு நாளைக்கு இரண்டு கப் வரை குடிப்பவர்களுக்கு ஆபத்து 1.8 மடங்கு, மூன்று கப்பும் அதற்கு மேலும் குடிப்பவர்களுக்கு 2.7 மடங்கு. செய்தித்தாள்கள் சும்மா விடுமா? பெரிதாகவே எழுதின.

இந்த மாதிரி ஆய்வுக்குக் கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு என்று பெயர். நோய் வந்தவர்களிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவது. நோய் வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் மறுபக்கம். இரு பக்கத்தாரும் முன்பு எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்பது. கணையப் புற்றுநோய் அரிது. ஆயிரம் பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நோயாளிகள் கிடைப்பார்கள். ஆகவே இந்த வடிவத்தைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. விமர்சனத்தில் இதையும் எழுத வேண்டும். "சோதனை முறையில் செய்திருக்க வேண்டும்" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். பாதிப் பேருக்கு இருபது வருடம் கோப்பியைக் கட்டாயப்படுத்திக் கொடுத்து, யாருக்குப் புற்றுநோய் வருகிறது என்று பார்ப்பதா? செய்ய முடியாத ஒன்றைச் செய்யவில்லை என்று குறை சொல்வது எந்த ஆய்வையும் எடை போடாது.

இன்னும் சில விஷயங்களில் இந்த ஆய்வு திடமானது. புற்றுநோய் திசுப் பரிசோதனையில் உறுதியானவர்களைத்தான் சேர்த்தார்கள். கோப்பி அதிகம் குடிப்பவர்கள் புகைப்பதும் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சிகரெட்டைக் கணக்கில் கழித்தார்கள்.

சரி, எங்கே சறுக்கியது? ஒப்பீட்டுக் குழுவில்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் இந்த ஆய்வின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒப்பீட்டுக் குழு என்பது "நோய் இல்லாத யாரோ" அல்ல. நோயாளிகள் எந்த மக்கள் கூட்டத்திலிருந்து வந்தார்களோ, அதே கூட்டத்தில் சாதாரணமாகக் கோப்பி குடிப்பவர்கள் எத்தனை பேர், குடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று காட்டுவதே அந்தக் குழுவின் வேலை. அவர்கள்தான் அளவுகோல். அளவுகோலே குட்டையாக இருந்தால், எதை வைத்து அளந்தாலும் நீளமாகத்தான் தெரியும்.

இந்த ஆய்வில் அந்த 644 பேர் எங்கிருந்து வந்தார்கள்? கணையப் புற்றுநோயாளியை மருத்துவமனையில் சேர்த்த அதே மருத்துவரின் மற்ற நோயாளிகள் அவர்கள். நடைமுறையில் வசதியான ஏற்பாடு: அதே மருத்துவமனை, அதே காலம், விசாரிப்பதும் சுலபம். ஆனால் கணையப் புற்றுநோயைப் பார்க்கும் மருத்துவர்களில் பலர் இரைப்பை, குடல் நிபுணர்கள். அவர்களுடைய மற்ற நோயாளிகள் யாராக இருப்பார்கள்? வயிற்றுக் கோளாறோடு வந்தவர்கள்.

இனி நம் ஊர் நடப்பை யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் ஒருவருக்குக் கேஸ்ட்ரிக் என்றால், கிளினிக்குக்குப் போகும் முன்பே அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்? "அத்தை, முதல்ல அந்தக் கோப்பி ஓவை நிறுத்துங்க." அமெரிக்காவிலும் இதே கதைதான். வயிறு சரியில்லாதவர்கள் தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ கோப்பியைக் குறைத்துவிடுகிறார்கள். ஆக, ஒப்பீட்டுக் குழுவில் கோப்பி குடிக்காதவர்கள் சாதாரண மக்களில் இருப்பதைவிட அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. அவர்களோடு வைத்துப் பார்த்தால், சாதாரண அளவு கோப்பி குடித்த புற்றுநோயாளிகள்கூட நிறையக் குடித்தவர்கள் போலத் தெரிவார்கள்.

இப்போது அந்தக் கேள்விக்குத் திசையோடு பதில் கிடைத்துவிட்டது. இந்தக் குறை ஆபத்தைக் கூட்டிக் காட்டும் பக்கம் தள்ளுகிறது. ஆய்வு கண்டுபிடித்ததாகச் சொல்வதும் அதே பக்கம்தான். அதனால்தான் இது பெரிய குறை. எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தால், அதாவது கோப்பி நிறையக் குடிப்பவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் தவறிச் சேர்ந்திருந்தால், "இத்தனைக்கும் மீறித் தொடர்பு தெரிந்திருக்கிறதே" என்று ஆய்வின் பலமாகவே அதை எழுதியிருக்கலாம்.

அடுத்து, எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்? இதைப் பார்க்க ஆய்வின் அட்டவணைக்குப் போக வேண்டும். பலர் சுருக்கத்தையும் முடிவுரையையும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அட்டவணையில்தான் விஷயம் இருக்கிறது, அதுவும் சதவிகிதமாக இல்லாமல் தலைகளின் எண்ணிக்கையாக.

கோப்பி விவரம் உள்ள ஆண் நோயாளிகள் 216 பேர். அவர்களில் கோப்பியே குடிக்காதவர்கள் 9 பேர். ஒப்பீட்டுக் குழு ஆண்கள் 307, குடிக்காதவர்கள் 32. பெண் நோயாளிகள் 151, குடிக்காதவர்கள் 11. ஒப்பீட்டுக் குழுப் பெண்கள் 336; குடிக்காதவர்கள் 56. இரு பாலாரையும் கூட்டினால், நோயாளிகள் 367 பேரில் 20 பேர் குடிக்காதவர்கள். ஒப்பீட்டுக் குழு 643 பேரில் 88 பேர் குடிக்காதவர்கள்.

ஆயிரம் பேரை விசாரித்த ஆய்வு என்று கேட்கும்போது பெரிதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் கோப்பி குடிப்பவர்களின் ஆபத்தை எதோடு ஒப்பிடுகிறோம்? குடிக்காதவர்களோடு. அவர்கள் 20 பேரும் 88 பேரும்தான். ஆய்வின் முழுப் பாரமும் இந்த 108 பேர் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளிகளில் குடித்தவர்கள் 347, குடிக்காதவர்கள் 20, வகுத்தால் 17.35. ஒப்பீட்டுக் குழுவில் குடித்தவர்கள் 555, குடிக்காதவர்கள் 88, வகுத்தால் 6.31. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ 2.75. நோய் அரிதாக இருக்கும்போது இந்த எண்ணை ஆபத்து எத்தனை மடங்கு என்பதற்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் சிகரெட்டைக் கழித்துப் போட்ட கணக்கு இதைவிட நுணுக்கமானது. ஆனால் இந்தக் கைக்கணக்கே எண் எங்கிருந்து பிறக்கிறது என்று காட்டிவிடும்.

இப்போது ஒரு "இப்படி இருந்தால்" கணக்கு. அந்த 88 பேரில் 40 பேர் முன்பு கோப்பி குடித்துவிட்டு வயிற்றுத் தொந்தரவால் விட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 என்பது நானாக எடுத்துக்கொண்ட எண், ஆய்வில் இல்லை. அவர்களைக் குடிப்பவர்கள் பக்கம் மாற்றினால், குடித்தவர்கள் 595, குடிக்காதவர்கள் 48. வகுத்தால் 12.4. பழைய 17.35-ஐ இதால் வகுத்தால் 1.4. இரண்டே முக்கால் மடங்கு ஒன்றரை மடங்குக்கும் கீழே வந்துவிட்டது. அறுநூற்றுச் சொச்சம் பேரில் 40 பேர் இடம் மாறியதற்கே இவ்வளவு சரிவு.

இப்படி ஒரு கணக்கை விமர்சனத்தில் எழுதலாமா? தாராளமாக. கற்பனை எண் என்று சொல்லிவிட்டு எழுதினால் போதும். ஆய்வு பொய் என்று இது நிரூபிக்காது. விடை எவ்வளவு எளிதில் ஆட்டம் காணும் என்பதை மட்டும் காட்டும்.

அட்டவணையில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பொருள் உண்மையிலேயே நோயைத் தருகிறது என்றால், கூடக் குடிக்கக் கூட ஆபத்தும் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்போம். சுருக்கத்தைப் படித்தால் ஏறுவது போலத்தான் இருக்கிறது: 1.8, பிறகு 2.7. ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு கப்புக்கு 2.6 மடங்கு. மூன்று, நான்கு கப்புக்கு 2.3. ஐந்தும் அதற்கு மேலும் 2.6. ஏறவே இல்லை. குடிக்காதவருக்கும் ஒரு கப் குடிப்பவருக்கும் இடையே ஒரே தாவல், அதற்கப்புறம் சமதளம். பெண்களுக்கு 1.6, 3.3, 3.1. அங்கே ஓர் ஏற்றம் உண்டு, பிறகு நின்றுவிடுகிறது.

ஒரே தாவல், பிறகு சமதளம் என்றால் என்ன அர்த்தம்? கோப்பிக்குத்தான் அப்படி ஒரு குணம் இருக்கலாம். ஆனால் குடிக்காதவர்களின் எண்ணிக்கை மட்டும் ஒப்பீட்டுக் குழுவில் ஊதிப்போயிருந்தாலும் இதே வடிவம்தான் கிடைக்கும். அடிக்கோடு கீழே இறங்கினால் மேலே இருக்கும் எல்லாரும் ஒரே அளவு உயர்ந்துதானே தெரிவார்கள். நாம் முன்பு சந்தேகப்பட்ட குறை தன் கைரேகையை இங்கே விட்டுப் போயிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வடிவமைப்பில் ஒரு குறையைச் சந்தேகித்து, அதன் தடயத்தை எண்களிலேயே தேடிப் பிடிப்பதுதான் இந்த வேலையில் சுவாரஸ்யமான பகுதி.

இனி, வழக்கமாக எழுதப்படும் குறைகளை இதே கேள்வியால் சோதித்துப் பார்க்கலாம்.

"மாதிரி அளவு சிறியது." மாதிரி சிறிதானால் விடை மங்கலாகும், ஒரு பக்கமாகச் சாயாது. மங்கல் எவ்வளவு என்பதை ஆய்வே சொல்லிவிடுகிறது: 2.7 மடங்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 1.6 முதல் 4.7 வரை என்ற வீச்சு இருக்கிறது. வீச்சு அகலம்தான். 1 என்றால் ஆபத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் இந்த வீச்சின் கீழ்முனைகூட 1-க்கு மேலே. ஆகவே இந்த விடையைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். இரண்டு கப் வரையிலான 1.8-க்கு வீச்சு 1.0 முதல் 3.0 வரை, அதன் கீழ்முனை 1-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அதைச் சொல்லலாம். இன்னும் ஆயிரம் பேரை அதே மருத்துவர்களின் வார்டுகளிலிருந்து சேர்த்திருந்தால் என்ன ஆகும்? வீச்சு குறுகும். ஒப்பீட்டுக் குழுவின் சாய்வு அப்படியே இருக்கும். தவறான எண்ணை இன்னும் உறுதியாகச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான்.

"நினைவுப் பிழை இருக்கலாம்." கேஸ்-கண்ட்ரோல் ஆய்வு என்றாலே இதை எழுதுகிறார்கள். நோய் வந்தவர் "எதனால் வந்தது?" என்று குடைந்து குடைந்து யோசித்துப் பழக்கத்தைக் கூட்டிச் சொல்வார் என்பது வாதம். ஆனால் 1981-க்கு முன் கோப்பிக்கும் கணையத்துக்கும் முடிச்சுப் போட்ட பேச்சு மக்களிடம் இல்லை. கோப்பியைச் சந்தேகிக்காத நோயாளி கோப்பிக் கணக்கை மட்டும் ஏன் கூட்டிச் சொல்லப் போகிறார்? சிகரெட்டைப் பற்றியென்றால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் பலம் உண்டு. கோப்பிக்கு இது பலவீனமான குறை. எனவே ஒரு வரியோடு விட்டுவிடலாம், இல்லை எழுதாமலே இருக்கலாம்.

"பல பழக்கங்களைக் கேட்டு, தொடர்பு தெரிந்த ஒன்றை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள்." இது மேலே சொன்ன இரண்டையும்விட நல்லது. பல கேள்விகளை வீசினால் ஏதாவது ஒன்று தற்செயலாகச் சிக்கும். ஒப்பீட்டுக் குழுவிலிருந்து புகையோடும் மதுவோடும் தொடர்புள்ள நோய்கள் உள்ளவர்களை ஆய்வாளர்கள் விலக்கினார்கள். அதாவது, அந்த இரண்டு பழக்கத்துக்கும் முன்னெச்சரிக்கை எடுத்தார்கள். நோயால் கோப்பிப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் நோயாளிகளுக்கு அந்த முன்னெச்சரிக்கை போதவில்லை. இதை ஒப்பீட்டுக் குழு பற்றிய பத்தியிலேயே சேர்த்து எழுதினால் வாதம் இறுகும்.

எந்தக் குறையையும் எழுதும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கட்டுரையின் கலந்துரையாடல் பகுதியைத் திறந்து, ஆசிரியர்களே அதை யோசித்தார்களா என்று தேடுங்கள். யோசித்திருந்தால், அவர்கள் தரும் பதிலை எடுத்துச் சொல்லி, அது ஏன் போதும் அல்லது ஏன் போதாது என்று எழுத வேண்டும். அவர்கள் ஏற்கெனவே சொன்னதை நாம் கண்டுபிடித்தது போல எழுதினால் விரிவுரையாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு முடிவுரை. ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை அடுக்கு அடுக்காகப் பிரித்துக்கொள்வது நல்லது. முதல் அடுக்கு: இந்தத் தரவில் கோப்பிக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிகிறது. அதற்குச் சான்று இருக்கிறது. இரண்டாவது: கோப்பிதான் காரணம். இதை அவர்கள் அடித்துச் சொல்லவில்லை. மற்றத் தரவுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான அடக்கம். மூன்றாவது: காரணம் என்றால், அமெரிக்காவின் கணையப் புற்றுநோய்களில் கணிசமான பங்குக்குக் கோப்பியே பொறுப்பாகலாம் என்பது. இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. "என்றால்" என்ற ஒரு சொல்லின் மேல் ஒரு நாட்டு அளவிலான கணக்கை நிறுத்துகிறார்கள். அதையும் சுருக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். பத்திரிகையாளர் படிப்பது சுருக்கத்தைத்தான். அவர் கண்ணுக்கு "கணிசமான பங்கு" படும், "என்றால்" படாது. தவறாக எழுதவில்லை, சான்று தாங்குவதைவிட ஒரு படி மேலே ஏறிவிட்டார்கள். விமர்சனத்திலும் இந்த அளவுக்குத்தான் சொல்ல வேண்டும். "ஆசிரியர்கள் கோப்பி புற்றுநோய் தரும் என்று நிரூபித்ததாகக் கூறுகிறார்கள்" என்று எழுதினால் அது அவர்கள் சொல்லாத ஒன்று.

எழுதும்போது எப்படி வரும் என்பதற்கு ஒரு பத்தி:

"ஒப்பீட்டுக் குழுவினர் கணையப் புற்றுநோயாளிகளின் மருத்துவர்களிடமே சிகிச்சை பெற்ற மற்ற நோயாளிகள். இவர்களில் இரைப்பை, குடல் கோளாறு உள்ளவர்கள் மிகுந்திருக்கவும், அதனால் கோப்பியைத் தவிர்த்திருக்கவும் வாய்ப்புண்டு. இது கோப்பியின் ஆபத்தை மிகைப்படுத்தும். ஆண்களில் கப் எண்ணிக்கை கூடியும் ஆபத்து ஏறாமல் 2.3-க்கும் 2.6-க்கும் இடையே நிற்பது இந்தச் சந்தேகத்தோடு ஒத்துப்போகிறது. மருத்துவமனைக்கு வெளியே, அதே வட்டாரத்தில் வசிப்பவர்களிலிருந்து இன்னொரு ஒப்பீட்டுக் குழுவைச் சேர்த்திருந்தால் இதைச் சோதித்திருக்கலாம்."

என்ன குறை, எந்தப் பக்கம் தள்ளும், எண்களில் தடயம் எங்கே, என்ன செய்திருக்கலாம் என்ற நான்கும் இதில் வந்துவிட்டன. "மேலும் ஆய்வுகள் தேவை" என்பதற்குப் பதிலாக எந்த ஆய்வு தேவை என்று சொல்லியிருக்கிறது.

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அதே 1981-இல் ஆல்வன் ஃபைன்ஸ்டைனும் சகாக்களும் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இந்த ஒப்பீட்டுக் குழுச் சிக்கலை முன்வைத்து விமர்சனம் எழுதினார்கள். 1986-இல் மக்மேஹன் குழுவினரே புதிய தரவோடு திரும்பி வந்தார்கள். முதலில் கண்ட அந்தப் பலமான தொடர்பு கிடைக்கவில்லை என்று அதே இதழில் அறிவித்தார்கள். 2016-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, கோப்பி கணையப் புற்றுநோயைத் தருவதாகச் சான்று காட்டவில்லை என்றது.

இந்தப் பின்கதையை விமர்சனத்தில் சேர்க்கலாம், ஆனால் இடம் பார்த்துச் சேர்க்க வேண்டும். "பிற்காலத்தில் மறுக்கப்பட்டது, எனவே வடிவமைப்பு தவறு" என்று எழுதினால் தர்க்கம் தலைகீழாகிவிடும். நல்ல வடிவமைப்புள்ள ஆய்வும் தற்செயலாகத் தவறான விடை தரலாம். மோசமான ஆய்வும் சரியான விடையில் போய் விழலாம். முதலில் 1981-இல் ஆய்வாளர்கள் கையில் இருந்ததை வைத்து எடை போட்டு முடித்துவிட்டு, அப்புறம் தனிப் பத்தியில் பின்கதையைச் சொல்லுங்கள். 1,500 சொல் எழுதச் சொன்னால், ஆய்வு என்ன செய்தது என்பதற்கு முந்நூறுக்கு மேல் தராதீர்கள். ஒப்பீட்டுக் குழுவுக்கும் அட்டவணைக்கும் மட்டும் எழுநூறு வைத்துக்கொள்ளுங்கள். பின்கதைக்கு நூறு சொல் போதும்.